ஒரே கல்லாப்பெட்டி, இரண்டு ராஜாங்கம்

1996-ல் பர்மிய அரசாங்கத்தின் கணக்குப்படி ஒரு கியாட் நம் ஐந்து ரூபாய்க்கும் மேல். அதே நாளில் மோரே பஜாரின் டீக்கடைக் கணக்குப்படி நம் ஒரு ரூபாய்க்கு மூன்றரை கியாட், பேரம் தெரிந்தவருக்கு நாலு. இரண்டு கணக்குக்கும் நடுவே இருபது மடங்கு வித்தியாசம். அரசாங்கத்தை நம்பி யாராவது ஐந்து ரூபாய் கொடுத்து ஒரு கியாட் வாங்கியிருந்தால், மோரேக்காரர்கள் அவருக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டிருப்பார்கள்.

நான் அங்கே போனது சாத்தூரிலிருந்து, தீப்பெட்டி விற்க. எங்கள் ஊர்ச் சரக்கு லாரி ஏறி கௌகாத்தி போய், அங்கிருந்து இம்பால் போகும். பின்னாலேயே ஆர்டர் பிடிக்கவும் பாக்கி வசூலிக்கவும் கம்பெனி ஓர் ஆளை அனுப்பும். அந்த ஆள் நான். இம்பாலிலிருந்து மோரே சுமார் 110 கிலோமீட்டர். பல்லேல் தாண்டியதும் மலை ஏறி, செக்போஸ்ட்டுக்கு செக்போஸ்ட் இறங்கி நின்று, கடைசியில் வண்டி சமவெளியில் இறங்கினால் எதிரே பர்மா. ஆனால் முதலில் காதில் விழுந்தது தமிழ். "இட்லி சூடா இருக்கு, உக்காருங்கண்ணே."

மோரேயில் தமிழர்கள் வந்த கதை பலருக்குத் தெரியும். 1962-ல் நீ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடங்களில் வங்கி, மொத்த வியாபாரம், சில்லறைக் கடை எல்லாம் அரசுடைமை. பர்மாவில் தலைமுறைகளாகக் கடை வைத்திருந்த தமிழர்கள் கப்பலேறி மெட்ராஸ் வந்து இறங்கினார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் 'பர்மா காலனி' என்று பெயர் இருப்பது அதனால்தான். அவர்களில் சிலருக்கு இந்த மண் ஒட்டவில்லை. பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று தரைவழியாக மணிப்பூர் போனார்கள். எல்லையில் தடுத்துவிட்டார்கள். தடுத்த இடத்திலேயே பாய் விரித்தார்கள். அந்தப் பாய் பிறகு கடையாயிற்று, அங்காள பரமேஸ்வரி கோயிலாயிற்று, தமிழ்ச் சங்கமாயிற்று.

நான் பாக்கி வசூலிக்கப் போன மளிகைக்கடை அண்ணாச்சியும் அப்படி வந்த குடும்பம்தான். பூர்வீகம் அருப்புக்கோட்டைப் பக்கம் என்பார். தமிழ், பர்மியம், மெய்தி, இந்தி என நாலு பாஷையில் கடன் சொல்லவும் கடன் கேட்கவும் தெரிந்தவர். அவருடைய கல்லாப்பெட்டியில் நடுவே ஒரு பலகைத் தடுப்பு உண்டு. இடது பக்கம் காந்தி, வலது பக்கம் ஆங் சான். ஆங் சான் படம் போட்ட பழைய நோட்டுகள் அப்போதும் புழக்கத்தில் இருந்தன. அவற்றோடு வேறு படம் போட்ட 45 கியாட், 90 கியாட் நோட்டுகளும் இருந்தன. உலகத்தில் எந்த நாட்டுக்காரனும் 45-ல் நோட்டு அடிக்கமாட்டான். நீ வின்னுக்கு ராசி எண் ஒன்பது. அதனால் 1987-ல் ஒன்பதால் வகுபடும் நோட்டுகளை அடித்தார். இருநூறு கியாட் கொடுக்க ஒரு 90, இரண்டு 45, ஓர் 20 என்று எண்ணுவதற்குள் அடுத்த வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

அந்த ராசி எண் வெறும் வேடிக்கையாக முடியவில்லை. புது நோட்டுகள் வருவதற்கு முன்னால், 1987 செப்டம்பர் 5 அன்று, புழக்கத்தில் இருந்த 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ள அவகாசம் கிடையாது, ஒரு பைசா நஷ்டஈடு கிடையாது. அதற்கு முன் 1985-லும் ஒரு முறை. அதற்கும் முன் 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகளுக்கு அதே கதி. அண்ணாச்சியின் அப்பா 1964-ஐப் பார்த்தவர். அவர் மகனுக்கு விட்டுச்சென்ற சொத்து ஒரே ஒரு புத்திமதி: வலது பக்க அறையில் கியாட் இரவு தங்கக்கூடாது.

மோரேயின் மாற்று விகிதம் முழுக்க இந்தப் புத்திமதியிலிருந்துதான் பிறக்கிறது என்பது எனக்குப் புரியச் சில நாள் ஆனது. அதுவரை, வெளியூர்க்காரர்கள் எல்லாரும் நினைப்பதைப் போல, கடைக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஒரே தெருவில் ஒரு கடையில் ஒரு ரேட், எதிர்க்கடையில் இன்னொரு ரேட். காலையில் ஒன்று, கேட் மூடும் நேரத்தில் ஒன்று. அதிலும் கேட் மூடும் நேரமே இரண்டு. பர்மாக்காரன் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும்.

"தம்பி, ரேட்டை நான் போடல. இந்த நோட்டு எங்கிட்ட எத்தனை நாள் உக்காரும்னு பாத்துச் சொல்றேன், அவ்வளவுதான்" என்றார் அண்ணாச்சி.

அதை இப்படிப் பிரித்துச் சொல்லலாம். ரூபாயைக் கொண்டுபோய் வங்கியில் கட்டலாம். கியாட்டை இந்திய வங்கியில் நீட்டினால் வாங்கமாட்டார்கள். ஆக, கையில் விழுந்த கியாட்டைத் தள்ள அண்ணாச்சிக்கு இருந்தது மூன்று வழி. கேட் பக்கத்தில் கட்டுக்கட்டாக நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாற்றுக்காரர்களிடம் கொடுக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் நாம்பாலோங் சந்தையில் சரக்காக மாற்றலாம். இல்லையென்றால் பாக்கோ அரிசியோ கொண்டுவரும் பர்மியக்காரருக்கே திருப்பிக் கொடுக்கலாம். மூன்று வழியும் திறந்திருக்கும் நாளில் அவர் ரேட் மாற்றுக்காரர் ரேட்டை ஒட்டியே இருக்கும். ஒன்று அடைத்தாலும் விலகும். சந்தைக்கு விடுமுறை, மலைப்பாதையில் பந்த், பாக்கு லாரி வரவில்லை, இப்படி எது நடந்தாலும் அது கியாட்டின் தலையில்தான் விடியும்.

எந்தப் பக்கம் சரக்கு ஓடுகிறது என்பதும் கணக்கில் வரும். பர்மியர்கள் மருந்து, சைக்கிள் சாமான், சீரகம், மைதா வாங்க மோரேக்கு வந்து குவிந்தால் பஜாரில் கியாட் நிறைந்து, அதன் மதிப்பு இறங்கும். இம்பால்காரர்கள் சீனக் கம்பளியும் செருப்பும் தெர்மாஸ் குடுவையும் வாங்க நாம்பாலோங்குக்குப் படையெடுத்தால் அந்தப் பக்கம் ரூபாய் நிறையும். ஆனால் ரூபாய் அவ்வளவு எளிதில் இறங்காது. நாம்பாலோங் கடைக்காரருக்கு மறுநாள் மோரேயில் சரக்கு எடுக்க ரூபாய் வேண்டும். அதனால் அங்கே இந்திய முகத்தைப் பார்த்ததும் விலையையே ரூபாயில்தான் சொல்வார்கள். நம் ரூபாய்க்கு டாலர் மரியாதை கிடைத்த ஒரே ஊர் அதுதான். எனக்கே கொஞ்சம் தலைக்கேறியது.

இத்தனைக்கும் நடுவில் அரசாங்க வியாபாரம் என்று ஒன்று தனியாக நடந்தது. இந்தியாவும் மியான்மரும் 1994 ஜனவரியில் எல்லை வணிக ஒப்பந்தம் போட்டு, 1995 ஏப்ரல் 12 அன்று மோரே வழியாக அதைத் திறந்துவைத்தன. பட்டியலில் உள்ள பொருளுக்குப் பட்டியலில் உள்ள பொருள் என்று பண்டமாற்று அதில் பெரிய பங்கு. அதாவது நோட்டு அச்சடிக்கும் இரண்டு அரசாங்கங்களும் காகிதத்தில் கடுகுக்குச் சீரகம் மாற்றிக்கொண்டிருந்தன. நோட்டு அச்சடிக்க உரிமை இல்லாத அண்ணாச்சியோ இரண்டு நாட்டு நோட்டையும் வைத்து நவீன வங்கி நடத்திக்கொண்டிருந்தார். பண்டமாற்றை ரிசர்வ் வங்கி கைவிட்டது 2015 டிசம்பரில். பஜார் அதை அதற்கு வெகுகாலம் முன்பே கைவிட்டிருந்தது.

வெகுகாலம் முன்பே என்று முழுசாகவும் சொல்லிவிட முடியாது. ஒரு பண்டம் மட்டும் அங்கே நாணயமாகவே ஓடியது. அப்போது சில்லறைக்குப் பஞ்சம். ஐம்பது பைசா பாக்கி தரவேண்டிய இடத்தில் கடைக்காரர் ஒரு தீப்பெட்டியை எடுத்து வைப்பார். அன்றைக்கு ஒரு தீப்பெட்டி ஐம்பது பைசா. கியாட்டில் பாக்கி வந்தாலும் அதே தீப்பெட்டிதான், ஆனால் அப்போது அதன் மதிப்பு இரண்டு கியாட். வாங்கிக்கொண்டவர் அடுத்த கடையில் வெற்றிலை வாங்கி அதே பெட்டியைத் தள்ளுவார். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும். நீ வின் அதைச் செல்லாது என்று அறிவிக்கவும் முடியாது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சாத்தூர் என்று அச்சடித்திருக்கும். இரண்டு அரசாங்கமும் சேர்ந்து செய்யமுடியாத காரியத்தை எங்கள் ஊரில் பெட்டி ஒட்டிய பெண்கள் செய்து அனுப்பியிருந்தார்கள்: எல்லையின் இரண்டு பக்கமும் முகமதிப்பில் செல்லும் ஒரு நாணயம்.

இருபது வருடம் கழித்து, ஓய்வுபெற்ற தைரியத்தில், மறுபடி போனேன். 2018 ஆகஸ்டில் மோரே–தாமு எல்லையைப் பாஸ்போர்ட்டும் விசாவும் வைத்துக் கடக்கலாம் என்று திறந்துவிட்டிருந்தார்கள். அதற்கிடையில் மியான்மரும் திருந்தியிருந்தது. டாலருக்கு ஆறு கியாட் என்ற அந்தப் புராணக் கணக்கை 2012 ஏப்ரலில் கைவிட்டு, 818 கியாட் என்று ஒரே அடியில் பூமிக்கு இறங்கிவந்தார்கள். அரசாங்கத்தின் ரேட்டும் தெருவின் ரேட்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. நான் போனபோது டாலர் 1,500 கியாட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. மோரேயில் இப்போது பேச்சு ரூபாய்க்கு எத்தனை கியாட் என்பதல்ல, ஆயிரம் கியாட்டுக்கு எத்தனை ரூபாய் என்பது.

கடையில் அண்ணாச்சியின் மகன் உட்கார்ந்திருந்தார். கல்லாப்பெட்டி ஸ்டீலுக்கு மாறியிருந்தது. தடுப்பு மட்டும் அப்படியே. அன்றைக்கு மாற்றுக்காரர்கள் ஆயிரம் கியாட்டை 45 ரூபாய்க்கு வாங்கி 47-க்கு விற்றார்கள். கடையில் அதற்கு 44. தாமுவிலிருந்து வந்த ஒரு பெண்மணிக்கு மைதா, சீரகம், எண்ணெய் எல்லாம் சேர்த்து 880 ரூபாய் பில் வந்தது. ரூபாய் இல்லை, கியாட்டாகத் தருகிறேன் என்றார். 880-ஐ 44-ஆல் வகுத்து 20,000 கியாட் வாங்கிக்கொண்டார் மகன்.

அதே 20,000-ஐ அந்தப் பெண்மணி நாலு எட்டு நடந்து மாற்றுக்காரரிடம் கொடுத்திருந்தால் 900 ரூபாய் கிடைத்திருக்கும். இருபது ரூபாய் கடைக்காரருக்கு லாபம் என்றேன். மகன் சிரித்தார். "இன்னைக்கே மாத்துனா லாபம்தான். இந்த இருபதாயிரத்துக்காகக் கடையைப் பூட்டிட்டுப் போவேனா? கட்டு சேரட்டும்னு நாலு நாள் வெச்சா, ரேட்டு 43 ஆயிருக்கும். அப்ப 860. இருபது ரூபா எங்க போச்சு?" நாலு நாளைக்கு நோட்டைத் தூக்கிச் சுமக்கிற கூலி அந்த ஒரு ரூபாய் வித்தியாசம். கியாட் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும் காலத்தில் அது கூலிக்குக்கூடக் கட்டாது. அந்தப் பெண்மணிக்கும் இது தெரியாமல் இல்லை. மூட்டையைச் சுமந்துகொண்டு மாற்றுக்காரரிடம் போய்ப் பேரம் பேசி, கேட் மூடுவதற்குள் திரும்புவதற்கு இருபது ரூபாய் தந்துவிடலாம் என்று அவரும் ஒரு கணக்குப் போட்டிருப்பார்.

ரேட் எப்போது கெடப்போகிறது என்பதை மகன் படித்துக் காட்டினார். முதலில் மாற்றுக்காரரின் வாங்கும் ரேட்டுக்கும் விற்கும் ரேட்டுக்கும் நடுவே இடைவெளி அகலும். இரண்டு ரூபாய் இருந்தது நாலாகும், ஐந்தாகும். அடுத்து கடைக்காரர்கள் சரக்கை எடுத்து வைக்குமுன் "ரூபாய் இருக்கா?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். அதன் பிறகு மடங்கிய நோட்டு, கிறுக்கிய நோட்டு எல்லாம் திரும்பிவரும். நேற்று வரை கண்ணில் படாத மை இன்று கறையாகத் தெரியும். கடைசிப் படி, "இன்னைக்கு ரேட் இல்லை" என்ற ஒற்றை வாக்கியம். அதற்கு விலை என்ன என்று கேட்கக்கூடாது. கடையைக் கட்டு என்று அர்த்தம்.

இதெல்லாம் பர்மிய நோட்டுக்கு மட்டும் வரும் வியாதி என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருக்க, மகன் 2016 நவம்பரை நினைவுபடுத்தினார். ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று டெல்லியிலிருந்து ஓர் இரவில் அறிவிப்பு வந்தபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் நம் நோட்டைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு வரிசையில் நிற்க ஒரு வங்கிகூடக் கிடையாது. டாலர் மரியாதை பெற்ற ரூபாய்க்கு முதல் முறையாக மோரேயில் தள்ளுபடி கேட்டார்கள். மூன்று முறை நோட்டைப் பறிகொடுத்த பர்மியர்கள், பரவாயில்லை, நீங்களும் எங்கள் சாதிதான் என்பதைப் போல நம்மைப் பார்த்தார்களாம். நேபாளத்திலும் இதே கதை. அங்கே நம் நூறு ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று 1993-லிருந்து அரசாங்கமே கட்டிவைத்த ரேட். ரக்சவுல், பீர்கஞ்ச் பக்கம் குழந்தைக்குக்கூட அந்த வாய்ப்பாடு தெரியும். ஆனாலும் 2018 டிசம்பரில் நேபாளம் நூறுக்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளைத் தடை செய்தது. வாய்ப்பாடு மாறவில்லை. எந்த நோட்டில் வாய்ப்பாடு சொல்கிறோம் என்பது மாறிவிட்டது.

இப்போது மோரேக்குப் போக நினைத்தால், பர்மாவுக்குள் நுழைவது இருக்கட்டும், மணிப்பூருக்குள் நுழையவே சாத்தூர்க்காரனுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 2020 ஜனவரியிலிருந்து அப்படி. அந்த மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடினார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் மறுபடி ராணுவம். 2023 மே மாதம் மணிப்பூரில் தீப்பற்றியபோது மோரேயும் எரிந்தது. யாரோடும் சண்டையில்லாத தமிழர் வீடுகளும் கடைகளும் அதில் போயின. 2024-ல், எல்லையோரத்து மக்கள் விசா இல்லாமல் வந்துபோன ஏற்பாட்டையும் கைவிடுவதாக மத்திய அரசு அறிவித்தது.

கியாட் மட்டும் பழைய பாதைக்கே திரும்பிவிட்டது. 2022 ஆகஸ்டில் ராணுவ அரசு டாலருக்கு 2,100 கியாட் என்று ஆணி அடித்தது. 2024-ல் தெருவில் டாலர் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே போனது. தெருவின் ரேட்டைச் சொன்னதற்காகத் தங்க வியாபாரிகளையும் நாணயம் மாற்றுபவர்களையும் பிடித்து உள்ளே போட்டார்கள். 1996-ல் இருபது மடங்காக இருந்த பொய் இப்போது இரண்டு மூன்று மடங்குதான் என்பதால், இதையும் முன்னேற்றத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

சென்ற தீபாவளிக்கு மகன் போனில் பேசினார். வியாபாரம் பாதிக்கும் கீழே, இருந்தாலும் கடை திறக்கிறோம் என்றார். கியாட் என்ன ரேட் என்று பழக்கதோஷத்தில் கேட்டேன்.

"எந்த ரேட்? வாங்குறதா, விக்கிறதா?" என்றார். "ரெண்டையும் சொல்றவன்தான் ரேட் சொல்றான்ணே. ஒண்ணை மட்டும் சொல்றவன் கதை சொல்றான்." 2,100 கியாட்டுக்கு ஒரு டாலர் என்று சொல்கிற அரசாங்கத்திடம் 2,100 கியாட்டைக் கொடுத்து டாலர் கேட்டால் எல்லாருக்கும் கிடைக்காது. வாங்க ஒரு விலை வைத்திருக்கிறது, விற்க மனசு இல்லை. தெருவில் உட்கார்ந்திருப்பவனோ இரண்டு விலையும் சொல்லி, இரண்டு பக்கமும் கையை நீட்டுவான். ரேட் உண்மையா பொய்யா என்று பார்க்க இதைவிடச் சுருக்கமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

சாத்தூரில் எல்லையும் இல்லை, இரண்டு நாட்டு நோட்டும் இல்லை. சேவும் வெள்ளரிக்காயும் தீப்பெட்டியும் ஒரே ரூபாயில்தான் விற்கின்றன. தீப்பெட்டி 2021 டிசம்பரிலிருந்து இரண்டு ரூபாய். அதைப் பாக்கிச் சில்லறைக்குப் பதிலாக யாரும் நீட்டுவதில்லை, அந்த வேலையை மிட்டாய் எடுத்துக்கொண்டுவிட்டது. மோரேப் பாடம் இங்கே தேவைப்படாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் பஜாரில் ஒரு கடையில் சேவு வாங்கிவிட்டுப் பத்து ரூபாய் நாணயங்களாக எண்ணிக் கொடுத்தேன். "இது ஓடாது சார், நோட்டா குடுங்க" என்றார் கடைக்காரர். பதினாலு வடிவத்தில் வந்திருக்கிறது, பதினாலும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிக்கை விட்ட நாணயம். இந்தியாவின் எந்த வங்கியும் வாங்கியாக வேண்டிய காசு. சட்டம் பேசாமல் நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். மீதி இருபது ரூபாய் வரவேண்டும். கல்லாவின் மூலையைத் துழாவி இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை எடுத்து என் கையில் வைத்தார்.

விற்கும் ரேட் பத்து, வாங்கும் ரேட் பூஜ்யம். மோரேயில் இந்த இடைவெளிக்குக் கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.